மெஷினை நிறுத்துவதா, விற்பனையை நிறுத்துவதா

கேள்வி: ஐயா, நானும் மச்சானும் 2019இல் ஓர் அறுவடை மெஷின் வாங்கினோம். முற்பணத்தில் நான் 22 இலட்சம், அவர் 20 இலட்சம். லீசிங் அவர் பெயரில். மிச்சத்தை மெஷின் உழைப்பில் கட்டினோம். இலாபம் பாதிப்பாதி என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடதாசி உண்டு. போன வருடம் லீசிங் முடிந்து மெஷினின் பதிவுப் புத்தகம் அவர் கைக்குப் போனதிலிருந்து கணக்குக் காட்டுவதில்லை. இப்போது அனுராதபுரத்தில் ஒருவருக்கு 85 இலட்சத்துக்கு விற்கப் போகிறார் என்று தரகர் சொல்கிறார். கிளிநொச்சியில் காலபோக அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமைதான். மெஷினை அசைய விடாமல் நீதிமன்றத் தடை எடுக்க முடியுமா? எத்தனை நாளில்? தோற்றால் அவருடைய நட்டத்தை நான்தான் கட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

தம்பி, தடை எடுக்கலாம். சரியாகப் போனால் இந்தக் கிழமைக்குள்ளேயே எடுக்கலாம். நட்டம் கட்ட நேரலாம் என்பதும் உண்மைதான், ஆனால் உங்களுக்குச் சொன்னவர் சொன்ன மாதிரியல்ல. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது மெஷினா, மெஷினில் உள்ள உங்கள் பாதியா? “அசைய விடாமல்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதிய சொல் என்று விளங்குகிறது. அந்தச் சொல்லை அப்படியே மனுவில் போட்டால் நீதிபதி தயங்குவார். தயங்காமல் தந்துவிட்டால் அது உங்களுக்கு இன்னும் கெடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மெஷினின் உண்மையான வரவுசெலவு எனக்குத் தெரியாது, ஆகவே உத்தேசமாக எடுக்கிறேன். நாளொன்றுக்கு 8 ஏக்கர் வெட்டுகிறது, ஏக்கருக்கு 12,000 ரூபாய் என்று வையுங்கள். வரவு 96,000. டீசல், சாரதி, உதவியாள், தரகுக்காசு எல்லாம் போக 56,000 மிஞ்சலாம். முப்பது நாள் அறுவடை என்றால் 16 இலட்சத்து 80 ஆயிரம். மெஷின் கொட்டிலுக்குள் நின்றால் இந்த முழுத் தொகையும் போய்விடும். அதில் பாதி உங்களுடையது. முற்பதிவு செய்த கமக்காரர்களின் நெல் முற்றி உதிர்வது வேறு கதை. அவர்கள் வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை, ஆனாலும் வயலில் விளைந்து நிற்கும் நெல்லைப் பற்றிக் கிளிநொச்சியில் இருக்கும் எந்த நீதிபதியும் யோசிக்காமல் விடமாட்டார்.

இனி விற்பனையை மட்டும் நிறுத்துகிற உத்தரவைப் பாருங்கள். மெஷின் வழக்கம்போல வயலில் ஓடும். மச்சானுக்கு என்ன நட்டம்? 85 இலட்சம் தருவதாகச் சொன்னவர் கைவிட்டுப் போகலாம். பிறகு விற்கும்போது 78 இலட்சம்தான் கிடைக்கலாம். வித்தியாசம் 7 இலட்சம். அந்தப் பணம் ஆறு மாதம் பிந்துவதற்கான வட்டியையும் அவர் சொல்வார். ஆனால் அதே ஆறு மாதத்தில் மெஷின் உழைத்துக் கொடுத்திருக்கும், அதை வட்டியோடு கழித்துப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் உத்தரவு இரண்டு பக்கத்தையும் எரிக்கிறது. இரண்டாவது, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் சுடுகிறது. நீங்கள் தோற்று நட்டம் கட்ட நேர்ந்தாலும் எது மலிவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வவுனியாவில் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு நெல் வியாபாரிக்காகத் தோன்றினேன். பங்காளி களஞ்சியத்தில் இருந்த நெல்லை இரவோடிரவாக விற்றுவிடுவார் என்ற பயம். ஒரு மூடையும் வெளியே போகக்கூடாது என்று தடை கேட்டேன், கிடைத்தது. அன்று மாலை தேநீர்க் கடையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெல்லோ மெஷினில் வெட்டி ஈரத்தோடு வந்து இறங்கிய நெல். களஞ்சியத்தில் வைக்க வேண்டுமென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கமக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும், சட்டத்தரணிக்குத் தெரியவில்லை. மூடைகளை வெளியே எடுத்துக் காயவிடவும் எங்கள் உத்தரவு இடம் வைக்கவில்லை. தடை இரண்டு தடவை நீடிக்கப்பட்டு முடிந்தபோது அடுக்கின் நடுவில் கை வைக்க முடியாத சூடு. அரிசி மஞ்சளடித்துப் போயிருந்தது. வழக்கின் அடிப்படையில் எங்கள் கட்சிக்காரர் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தும் கடைசியில் இணக்கத்துக்கு வந்தபோது அவர்தான் பணம் கொடுத்தார். நெல்லை விற்கலாம், விற்ற காசை இருவர் கையெழுத்துடன் ஒரு கணக்கில் போட வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் போதும். பொருளைக் காப்பது ஒன்று, பொருளின் பெறுமதியைக் காப்பது இன்னொன்று.

ஆகவே உங்கள் மனுவில் மூன்றே மூன்று காரியம் கேட்பேன். வழக்கு முடியும்வரை மெஷினை விற்கவோ, ஈடு வைக்கவோ, பெயர் மாற்றவோ கூடாது. வட மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மெஷின் ஓடலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் வெட்டிய ஏக்கரும் வாங்கிய காசும் எழுதிய கணக்கைக் கிழமைக்கு ஒருமுறை உங்களுக்குத் தர வேண்டும். இதற்கு மாற்றாக ஒன்றையும் சேர்த்துக் கேட்பேன்: விற்பதென்றால் விற்கட்டும், விலையில் பாதியை, அதாவது 42 இலட்சத்து 50 ஆயிரத்தை, நீதிமன்றத்தில் வைப்பிலிட்டுவிட்டு விற்கட்டும். இந்த மாற்று வரியைப் பல சட்டத்தரணிகள் எழுதத் தயங்குவார்கள், பலவீனமாகத் தெரியும் என்று. என் அனுபவத்தில் ஒரு தடை மனுவை நியாயமான மனுவாக நீதிபதியின் கண்ணில் காட்டுவது இந்த வரிதான்.

ஏன் என்றால் உங்கள் மச்சானின் சட்டத்தரணி எழுந்ததும் சொல்லப்போகிற முதல் வசனம் இது: “வழக்காளி கேட்பது வெறும் பணம். வென்றால் பணமாகக் கொடுத்துவிடலாம். பணத்தால் ஈடு செய்யக்கூடிய நட்டத்துக்குத் தடை எதற்கு?” வணிக வழக்குகளில் இடைக்காலத் தடைகள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். சாமான் வரவில்லை, காசு வரவில்லை, ஒப்பந்தத்தை முறித்துவிட்டார் என்பதெல்லாம் கடைசியில் ஒரு தொகையாக எழுதக்கூடியவை. தொகையாக எழுத முடிந்தால் தீர்ப்புவரை பொறுங்கள் என்பார்கள். தராசில் முதலில் வைக்கிற கல், ஈடு செய்ய முடியாத நட்டம் யாருக்கு என்பதுதான். இரண்டு பேருக்கும் ஈடு செய்யக்கூடிய நட்டம்தான் என்றால் தராசு உங்கள் பக்கம் சாயாது.

இதற்கு உங்களிடம் ஒரு மறுமொழி இருக்க வேண்டும். மெஷின் ஒன்றுதான் மச்சானிடம் உள்ள பெறுமதியான சொத்தா? வேறு காணி, கடை, வாகனம் அவர் பெயரில் உண்டா? வெளிநாடு போகத் தயாராகிறாரா? 85 இலட்சமும் கைக்கு வந்த மறுநாள் அது எங்கே போகும்? கிளிநொச்சியில் அவருக்கு இரண்டு மாடிக் கடை இருக்கிறது என்றால் உங்கள் மனு மெலிந்துவிடும், அதை நான் மறைக்கமாட்டேன். மெஷினைத் தவிர ஒன்றுமில்லை, விற்ற காசு கை மாறிப் போனால் மூன்று வருடம் கழித்து வரும் தீர்ப்பு வெறும் கடதாசிதான் என்று காட்ட முடிந்தால் நட்டம் ‘பணம்’ என்பதைத் தாண்டிவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. வழக்குப் பொருள் தொடர்பில் உங்கள் உரிமையை மீறித் தீர்ப்பைப் பயனற்றதாக்கும் செயலைத் தடுக்கலாம். உங்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்ற முனைவதையும் தடுக்கலாம். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஏமாற்றும் நோக்கம்’ என்பதற்குச் சான்று வேண்டும். மச்சான் கெட்டவர் என்பது சான்றாகாது. புத்தகம் கைக்கு வந்த மாதமே கணக்கு நின்றது, உங்களுக்குச் சொல்லாமல் தரகரைப் பிடித்தார், விலையைக் கேட்டபோது மறைத்தார் என்பவை சான்று.

அடுத்தது, வழக்கு நிற்குமா என்பது. இலங்கையில் இடைக்காலக் கட்டாணைக்கு, அதாவது வழக்கு முடியும்வரை நிற்கும் தடைக்கு, நீதிமன்றங்கள் பார்ப்பது எது என்று 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பண்டாரநாயக்க எதிர் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வழக்கில் ஒழுங்காகச் சொல்லி வைத்தது. முதலில், விசாரிக்க வேண்டிய பாரதூரமான கேள்வி ஒன்று இருக்கிறதா, வழக்காளி வெல்லக்கூடும் என்று தோன்றுகிறதா. இரண்டாவது, அந்தத் தராசு. மூன்றாவது, கட்சிக்காரர்கள் நடந்துகொண்ட விதம் இந்த நிவாரணத்துக்குத் தகுதியானதா. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டு அமெரிக்கன் சயனமிட் வழக்கில் பிரபுக்கள் சபை முதல் படியை இன்னும் தாழ்த்திவிட்டது, வெல்லும் சாத்தியத்தைத் தொடக்கத்திலேயே நிறுக்க வேண்டியதில்லை என்று. நம்மூரில் வெறும் கேள்வி இருந்தால் போதும் என்று நம்பிப் போக வேண்டாம்.

உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கடதாசி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது, மூலதனம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கூட்டு வியாபாரம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்று. அந்தக் காலத்தில் அது பெரிய காசு. இன்று ஒரு சைக்கிள் ரயருக்கும் காணாது, இருந்தும் விதி அப்படியே நிற்கிறது. வாய்ப்பேச்சில் கூட்டுச் சேர்ந்து பிறகு நீதிமன்றத்தில் கையைப் பிசைகிறவர்களை வன்னியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சொந்தக்காரன்தானே, எழுதி வாங்குவது மரியாதை இல்லை என்பார்கள். உங்களிடம் கடதாசி இருக்கிறது. அதன் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். 22 இலட்சம் போன வழியைக் காட்டும் வங்கிச் சிட்டையைத் தேடி எடுங்கள். கடதாசி இலாபத்தைப் பங்கிடுவது பற்றி மட்டும் சொல்கிறதா, மெஷினே இருவருக்கும் சொந்தம் என்று சொல்கிறதா என்று கவனமாக வாசியுங்கள். இலாபத்தை மட்டும் சொன்னால் மச்சான் ‘மெஷின் என்னுடையது, வருமானத்தில் மட்டும் பங்கு கொடுக்கிறேன்’ என்பார். அப்போது முற்பணம் கட்டிய சிட்டைதான் உங்கள் பேச்சைத் தாங்கும்.

இனி அவசரம். தரகர் உங்களுக்கு எப்போது சொன்னார்? நேற்றா, போன மாதமா? அவசரம் என்று சொல்லிக்கொண்டு மூன்று கிழமை சும்மா இருந்தவனை எந்த நீதிபதியும் கேட்பார்: அப்போது இல்லாத அவசரம் இப்போது எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு நாளும் உங்கள் கையில் உள்ள காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. தெரிந்த திகதியைச் சத்தியக்கடதாசியில் மறைக்காமல் எழுத வேண்டும். பிந்தியிருந்தால் பிந்திய காரணத்தையும் எழுத வேண்டும். “சொந்தம் என்பதால் பெரியவர்களைக் கொண்டு இரண்டு தடவை பேசிப் பார்த்தேன்” என்பது நல்ல காரணம், உண்மையாக இருந்தால்.

வழமையான முறை, மனுவும் சத்தியக்கடதாசியும் மறுபக்கத்துக்குப் போய், இரு பக்கத்தையும் கேட்ட பிறகே கட்டாணை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 664ஆம் பிரிவு அதைத்தான் முதலில் சொல்கிறது. அந்தத் தாமதத்தால் தடையின் நோக்கமே கெட்டுவிடும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் மட்டும், மறுபக்கத்தைக் கேட்காமல் ஒரு குறுகிய தடை கொடுக்கலாம். முதலில் 14 நாளுக்கு மேல் கிடையாது. நீடிப்பதென்றால் காரணத்தைப் பதிவு செய்து, ஒவ்வொரு முறையும் 14 நாளுக்கு மேற்படாமல் நீடிக்கலாம். மக்கள் ‘தடையுத்தரவு கிடைத்துவிட்டது’ என்று பட்டாசு கொளுத்துவது பெரும்பாலும் இந்த 14 நாள் தடைக்குத்தான். வழக்கு வென்றதாக நினைக்கிறார்கள். உண்மையில் கிடைத்தது இரு பக்கமும் பேசுவதற்கான இடைவெளி. பதினான்காவது நாள் நீடிக்கக் கேட்கத் தவறினால் தடை தானாக விழுந்துவிடும். நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள், சட்டத்தரணியை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் விடயத்தில் 14 நாள் தடை கேட்கலாமா? கேட்கலாம், திகதி ஒன்று இருந்தால். “விற்கப் போகிறாராம்” என்பது போதாது. அனுராதபுரத்துக்காரர் முற்பணம் கொடுத்துவிட்டார், அடுத்த திங்கள் பெயர் மாற்றப் போகிறார்கள் என்று தரகர் சொன்னால் அது போதும். அவர் தானே ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் நல்லது. தரகர்கள் லேசில் கையெழுத்து வைக்கமாட்டார்கள், இரண்டு பக்கமும் தொழில் வேண்டும். கொடுக்காவிட்டாலும் வழி உண்டு. சட்டக்கோவையின் 181ஆம் பிரிவின்படி சத்தியக்கடதாசியில் சொந்த அறிவால் தெரிந்ததைத்தான் எழுத வேண்டும். ஆனால் இப்படியான இடைக்கால விண்ணப்பத்தில் நம்புவதையும் எழுதலாம், நம்புவதற்கான காரணத்தோடு. யார், எந்தத் திகதியில், எந்த வழியில் சொன்னார் என்று எழுதி, அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியின் அச்சுப்பிரதியை இணைத்தால் அது காரணமுள்ள நம்பிக்கை. ‘அறிகிறேன்’ என்று மட்டும் எழுதினால் ஊர்க்கதை.

முன்கூட்டியே கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டுமா என்று கேட்பீர்கள். சாதாரண வழக்கில் அனுப்பச் சொல்வேன். இங்கே பெயர் மாற்றும் நாள் குறித்தாயிற்று என்றால் அனுப்பமாட்டேன். கடிதம் போன இரவே மெஷின் லொறியில் ஏறி மதவாச்சி தாண்டிவிடும். அனுப்பாததன் காரணத்தைச் சத்தியக்கடதாசியில் ஒரு பந்தியில் எழுதிவிட்டால் போதும்.

மறுபக்கம் இல்லாத அறையில் பேசும்போது மறுபக்கத்துக்கும் சேர்த்து நீங்களே பேச வேண்டும். உங்களுக்கு எதிரானதை நீங்களே சொல்ல வேண்டும். 2022இல் டீசல் இல்லாமல் மெஷின் நின்றபோது தவணைகளை மச்சான் தன் கைக்காசில் கட்டியிருந்தால் அதை எழுதுங்கள். போன வருடம் ஒரு கோபத்தில் “வித்துத் தொலை, என் பங்கைத் தா” என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அதையும் எழுதுங்கள், விளக்கத்தோடு. எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? பத்தாவது நாள் மச்சான் அந்தக் குறுஞ்செய்தியைத் தன் சத்தியக்கடதாசியோடு கொண்டுவருவார். முக்கியமான விடயத்தை மறைத்து எடுத்த தடையை, உங்கள் உரிமை எவ்வளவு நல்லது என்று பார்க்காமலே நீதிமன்றம் தூக்கிவிடலாம். அதை நீங்களே முதலில் சொல்லியிருந்தால் அது சின்ன விடயமாகப் போயிருக்கும். மறைத்ததால்தான் பெரிதாகிறது. நான் கட்சிக்காரர்களிடம் முதல் நாளே கேட்பது, உங்கள் மச்சான் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்றுதான். பெரும்பாலானோர் முகம் சுளிப்பார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இடைக்காலத் தடை கேட்பவர் ஒரு பொறுப்பேற்புக் கொடுக்க வேண்டும்: இந்தத் தடை கொடுத்திருக்கக்கூடாது என்று பின்னால் தெரியவந்தால், அதனால் மறுபக்கத்துக்கு ஏற்பட்ட நட்டத்தை நீதிமன்றம் சொல்கிறபடி கட்டுவேன் என்று. இந்த வாக்கு எதிராளிக்குக் கொடுப்பதல்ல, நீதிமன்றத்துக்குக் கொடுப்பது. அங்கே சாதாரணமாக, வழக்கில் தோற்றாலே இந்த வாக்கு உயிர்பெற்றுவிடும். நல்ல எண்ணத்தோடு கேட்டேன் என்பது தப்பிக்க உதவாது. நீதிமன்றமும் பிழை விடவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் இடைப்பட்ட காலத்து நட்டத்தை யாராவது சுமக்கத்தானே வேண்டும், கேட்டவர் சுமக்கட்டும் என்பது அதன் கணக்கு.

நமது சட்டக்கோவையில் 667ஆம் பிரிவு இருக்கிறது, அது இன்னொரு விதம். போதிய காரணமில்லாமல் தடை கேட்கப்பட்டது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். அல்லது, வழக்குத் தள்ளுபடியாகி அல்லது உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகி, தடை கேட்க நியாயமான அடிப்படையே இருக்கவில்லை என்று தோன்ற வேண்டும். அப்போது எதிராளி விண்ணப்பித்தால், செலவுக்கும் பாதிப்புக்கும் நியாயமான ஒரு தொகையை நீதிமன்றம் விதிக்கலாம். அப்படி விதித்துவிட்டால் அதே நட்டத்துக்குப் பிறகு தனி வழக்குப் போட முடியாது. வித்தியாசம் தெரிகிறதா? 667இன் கீழ் தோற்றது மட்டும் போதாது, அடிப்படையில்லாமல் கேட்டிருக்க வேண்டும். சிட்டையும் கடதாசியும் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிக் கேட்டவர், கடைசியில் தோற்றாலும், இந்தப் பிரிவில் சுலபமாக மாட்டமாட்டார். குறுஞ்செய்தியை மறைத்தவர் மாட்டுவார்.

ஆனால் 667 இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். நீதிபதி தடை தரும்போது நிபந்தனை வைக்கலாம், ஒரு தொகையை வைப்பிலிடச் சொல்லலாம், பிணைமுறி எழுதச் சொல்லலாம். உங்கள் சட்டத்தரணி திறந்த நீதிமன்றத்தில் “நட்டத்துக்குப் பொறுப்பேற்கிறோம்” என்று சொல்லி அது பதிவானால், அந்த வாக்கின் சொற்கள் 667ஐவிட அகலமாகப் போகலாம். ஆகவே அதை அவசரத்தில் வாயால் சொல்ல விடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். எந்த நட்டம், எந்தத் தடையால், எவ்வளவு காலத்துக்கு என்பது அதில் இருக்கட்டும். தொகைக்கு ஒரு மேல் எல்லையும் கேட்டுப் பார்க்கலாம். நீதிபதி ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், கேட்பதில் நட்டமில்லை.

முதலில் நாம் போட்ட கணக்கு இங்கேதான் பயன்படுகிறது. எவ்வளவு பிணை என்ற கேள்வி வரும்போது மச்சானின் பக்கம் பெரிய தொகை சொல்லும். 85 இலட்சமும் என்பார்கள். அது பிழை. மெஷின் அவரிடம்தான் இருக்கிறது, ஓடுகிறது, உழைக்கிறது. தடையால் அவர் இழக்கக்கூடியது விலை இறங்குவதால் வரும் வித்தியாசம், அதாவது அந்த 7 இலட்சம், அதோடு வட்டி. மெஷினின் விலையே நட்டமல்ல. இதைக் கடதாசியில் எழுதி, அதே வகை மெஷின்கள் இரண்டு மூன்றுக்கு இப்போது கேட்கிற விலையை இணைத்துக் கொடுத்தால் 7 இலட்சம் அளவிலான பிணைமுறியோடு முடியும் வாய்ப்பு உண்டு. அதோடு அந்தத் தொகையைத் தாங்கக்கூடியவர் நீங்கள் என்றும் காட்ட வேண்டும். உங்கள் பெயரில் உள்ள காணி உறுதி, வங்கிக் கணக்கு என்று ஏதாவது. கையில் ஒன்றுமில்லாதவரின் பொறுப்பேற்பு வெறும் வாய்ச்சொல் என்று எதிர்ப்பக்கம் சொல்லும், அதில் உண்மையும் உண்டு. மெஷினை முழுக்க நிறுத்தக் கேட்டிருந்தால் இதே மேசையில் 16 இலட்சத்துக்கு மேலான அந்தத் தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

வழக்கை எங்கே போடுவது என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மச்சான் வசிக்கிற இடத்து, அல்லது உடன்படிக்கை செய்த இடத்து மாவட்ட நீதிமன்றம். உங்களுக்கு இரண்டும் கிளிநொச்சி என்று நினைக்கிறேன். கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம் பெரிய தொகை வழக்குகளுக்கு. உங்கள் கோரிக்கையின் பெறுமதியை எழுதும்போது அந்த எல்லையைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

தடை கிடைத்த அன்றே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நீதிமன்ற உத்தரவுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பிஸ்கால் போய்க் கையில் கொடுத்தால்தான் மச்சானை அது கட்டும் என்று வையுங்கள். தெரியாத உத்தரவை மீறியதற்கு யாரையும் அவமதிப்பு என்று பிடிக்க முடியாது. அறுவடைக் காலத்தில் மெஷின்காரர் வீட்டில் இருக்கமாட்டார். இன்று முரசுமோட்டை, நாளை விசுவமடு. எந்த வயலில் நிற்பார் என்று விசாரித்து வைத்து பிஸ்காலைக் கூட்டிக்கொண்டு போங்கள். அனுராதபுரத்து வாங்குபவருக்கும் பிரதியோடு ஒரு கடிதம் அன்றே போக வேண்டும். அவர் வழக்கில் இல்லை, ஆனால் தடை இருக்கிறது என்று தெரிந்தும் பணம் கொடுக்கிறவர் குறைவு. பல தடவைகளில் விற்பனையை நிறுத்தியது உத்தரவைவிட இந்தக் கடிதம்தான்.

பிறகு மச்சான் தோன்றுவார். 666ஆம் பிரிவில் தடையை நீக்க அல்லது மாற்றக் கேட்கலாம், எதிர்ச் சத்தியக்கடதாசி போடலாம். சொந்தக்காரர் வழக்கு என்றபடியால் இன்னொன்றும் நடக்கும்: நீதிமன்ற வாசலில் யாராவது பெரியவர் இரண்டு பேரையும் இழுத்து நிறுத்திப் பேசுவார். அப்போது மச்சானின் சட்டத்தரணி, “தடை வேண்டாம், விற்கமாட்டேன் என்று என் கட்சிக்காரர் நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுப்பார்” என்று சொல்லக்கூடும். கௌரவக் குறைவு என்று மறுத்துவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குக் கொடுத்துப் பதிவான வாக்கை மீறினாலும் அவமதிப்புத்தான். 667ஆம் பிரிவு பேசுவது நீதிமன்றம் வழங்கிய தடையைப் பற்றி. வாக்கோடு முடிந்தால் அந்தப் பயமும் உங்களுக்குக் குறையும். ஆனால் எதிர்ப்பக்கம் உங்களிடமும் ஒரு பொறுப்பேற்புக் கேட்கலாம், அப்போது நான் சொன்ன 7 இலட்சக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். அவருடைய வாக்கில் ‘விற்கமாட்டேன்’ மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈடு வைக்கமாட்டேன், பெயர் மாற்றமாட்டேன், மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகமாட்டேன், கிழமைக் கணக்குத் தருவேன் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். முதல் கிழமைக் கணக்கு எந்த நாள், யாருடைய கையில் என்பதும் பதிவாகட்டும். வெள்ளிக்கிழமை என்று வைத்தால் நல்லது, சனி ஞாயிறில் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கேள்வி கேட்கலாம்.